எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? விளைநில விற்பனையும் வருமான வரியும்

இந்தியாவில் விளைநிலத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு வருமான வரி உண்டா, இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது நிலம் இருக்கும் இடம்தான். ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் நிலம், சட்டத்தின் பார்வையில் மூலதனச் சொத்தே அல்ல. அதை எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. அதே நிலம் ஒரு நகரத்தின் எல்லைக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால், அது வீட்டு மனையைப் போலவே மூலதனச் சொத்தாகிவிடும். அதில் நெல் விளைந்தாலும், தென்னை நின்றாலும், விற்றவர் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்தவராக இருந்தாலும் லாபத்துக்கு வரி உண்டு.

இந்தப் பாகுபாடு எப்போதும் இருந்ததில்லை. 1970 வரை நாட்டில் எங்கே இருக்கும் விளைநிலமும் மூலதனச் சொத்துக் கணக்கில் சேரவில்லை. நகரங்களை ஒட்டிய நிலங்களின் விலை ஏறி, விவசாயத்துக்குச் சம்பந்தமில்லாத லாபம் அவற்றில் கிடைக்கத் தொடங்கியதும், 1970-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நகர்ப்புற விளைநிலத்தை மட்டும் வரி வலைக்குள் கொண்டுவந்தது. கிராமப்புற விளைநிலம் வெளியே நின்றது. அன்று முதல், எது கிராமப்புறம் என்பதுதான் வழக்குகளின் மையம்.

மூன்று வளையங்கள்

இன்றைய விதி 2013-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு விளைநிலம் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகராட்சியின் எல்லைக்குள் அது இருக்கக் கூடாது. இரண்டாவது, அத்தகைய நகராட்சியின் எல்லைக்கு வெளியே இருந்தாலும், எல்லையைச் சுற்றிய வளையத்துக்குள் இருக்கக் கூடாது.

வளையத்தின் அகலம் நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகரமென்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொள்ளாச்சியில் சுமார் 90,000 பேர் இருந்ததால் அதன் வளையம் 2 கிலோமீட்டர். கும்பகோணத்தில் சுமார் 1,40,000 பேர். அங்கே 6 கிலோமீட்டர். மதுரை அப்போதே 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதற்கு 8 கிலோமீட்டர்.

எந்தக் கணக்கெடுப்பை எடுப்பது என்பதையும் சட்டமே சொல்கிறது. நிலம் விற்கப்பட்ட நிதியாண்டின் முதல் நாளுக்கு முன்பு வெளியான கடைசிக் கணக்கெடுப்பின் எண்ணிக்கைதான் செல்லும். 2011-க்குப் பிறகு புதிய எண்ணிக்கை வெளியாகாததால், அந்தப் பழைய எண்ணிக்கையே இதுவரை அளவுகோலாக இருந்து வருகிறது. 2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வந்த பின் பல நகரங்கள் அடுத்த படிக்கு ஏறக்கூடும். 2 கிலோமீட்டர் வளையம் 6 ஆக விரிந்தால், இன்று கிராமப்புற நிலமாக இருப்பது அப்போது அப்படி இருக்காது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. தூரமும் மக்கள்தொகை வரம்பும் மாறவில்லை.

பேரூராட்சியும் கணக்கில் உண்டு

தமிழ்நாட்டில் பலரும் சறுக்கும் இடம் இது. "நகராட்சி" என்ற சொல்லைப் பார்த்தவுடன், நகராட்சி, மாநகராட்சி என்ற பெயர்ப்பலகை உள்ள ஊர்களை மட்டும் தேடுகிறார்கள். சட்டமோ எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் நகராட்சிதான் என்று சொல்லி, சிறு நகரக் குழுக்களையும் கன்டோன்மென்ட் வாரியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அரசியலமைப்பின்படி கிராமத்திலிருந்து நகரமாக மாறிவரும் பகுதிக்கு அமைக்கப்படும் உள்ளாட்சி அமைப்பும் நகராட்சி வகையில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பது பேரூராட்சி. எனவே 10,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள பேரூராட்சிக்கும் 2 கிலோமீட்டர் வளையம் உண்டு என்று எடுத்துக்கொண்டு அளப்பதே பாதுகாப்பு.

கிராம ஊராட்சி அப்படியல்ல. அது நகராட்சி வகையில் சேராது. பெரிய ஊராட்சியில் 20,000 பேர் இருந்தாலும், அதைச் சுற்றி வளையம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஊராட்சி அருகிலுள்ள நகராட்சியோடு இணைக்கப்பட்ட நாளிலிருந்து நிலைமை தலைகீழாகிறது. அதன் நிலங்கள் நகராட்சிக்குள் வந்துவிடுவதோடு, நகராட்சியின் எல்லையே வெளியே நகர்வதால், அதற்கு அப்பாலுள்ள ஊர்களும் வளையத்துக்குள் வருகின்றன. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பல நகராட்சிகள் மாநகராட்சிகளாக உயர்த்தப்பட்டதும், சுற்று ஊராட்சிகள் அவற்றோடு சேர்க்கப்பட்டதும் இதனால் நில விற்பனைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. பார்க்க வேண்டியது விற்பனை நாளில் எல்லை எங்கே இருந்தது என்பது. வாங்கிய நாளில் நிலம் எவ்வளவு தள்ளியிருந்தது என்பது எதற்கும் உதவாது.

சாலைத் தூரமா, நேர்கோட்டுத் தூரமா?

2013 திருத்தத்துக்கு முன் தூரத்தை எப்படி அளப்பது என்று சட்டத்தில் இல்லை. மக்கள் போய்வரும் சாலை வழியேதான் அளக்க வேண்டும் என்று பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. வண்டியில் எட்டுக் கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டிய நிலம், நேரே பார்த்தால் ஐந்தே கிலோமீட்டரில் இருந்தாலும், விற்றவர்கள் தப்பினார்கள். திருத்தம் அந்தக் கதவை அடைத்தது. இப்போது அளக்க வேண்டியது வான்வழித் தூரம், அதாவது எல்லைக்கும் நிலத்துக்கும் இடையிலான நேர்கோடு. 2014-15 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது செல்லும் என்றும், அதற்கு முந்தைய விற்பனைகளுக்குச் சாலைத் தூரமே போதும் என்றும் மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015-இல் சுற்றறிக்கை வெளியிட்டு ஏற்றுக்கொண்டது.

கோட்டின் ஒரு முனை நகராட்சியின் எல்லையில் இருக்க வேண்டும். பேருந்து நிலையம், நகராட்சி அலுவலகம், ரயில் நிலையம் இவற்றிலிருந்து அளந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும், அது செல்லாது. எல்லைக் கோட்டில் நிலத்துக்கு மிக அருகே வரும் புள்ளியைத்தான் எடுக்க வேண்டும். மறுமுனையில் நிலத்தின் எந்த மூலை எல்லைக்கு நெருக்கமோ அந்த மூலையிலிருந்து அளப்பது பின்னால் தகராறு வராமல் காக்கும்.

சான்று எப்படி இருக்க வேண்டும்?

தூரத்தை நிரூபிக்கச் சட்டம் எந்தப் படிவத்தையும் வகுக்கவில்லை. நிலம் மூலதனச் சொத்து அல்ல என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். நடைமுறையில் அதற்கு முதல் ஆதாரமாக வைக்கப்படுவது உள்ளாட்சி அமைப்பின் சான்று: நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையரிடமிருந்து, பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடமிருந்து. எல்லை அவர்களுடையது என்பதால் அது எங்கே முடிகிறது என்று சொல்லத் தகுதியுள்ளவர்களும் அவர்களே. நிலத்தின் பக்கத்து விவரத்துக்கு வட்டாட்சியர் அலுவலகச் சான்று துணை நிற்கும். கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரும் கடிதம் மட்டும் இருந்தால், நகராட்சி எல்லையைப் பற்றி அவர் எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வி எழும்.

சான்று வாங்கியும் வழக்கில் தோற்பவர்கள் இருக்கிறார்கள். "மேற்படி கிராமம் இந்நகராட்சியிலிருந்து 9 கி.மீ. தொலைவில் உள்ளது" என்று ஒற்றை வரியில் வரும் சான்றுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். கிராமம் என்றால் கிராமத்தின் எந்தப் பகுதி? 9 கிலோமீட்டர் சாலை வழியா, நேர்கோட்டிலா? எங்கிருந்து அளந்தது? எந்த நாளின் எல்லை? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் இல்லை. வரி அதிகாரி அதை ஒதுக்கினால் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே மனு கொடுக்கும்போதே கேட்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். பட்டா, கிரயப் பத்திர நகல், நில அளவைத் துறையின் புலப்படம், நிலத்தின் அமைவிடம் குறித்த வரைபடம் ஆகியவற்றை இணைத்து, இன்ன வட்டம், இன்ன வருவாய்க் கிராமம், இன்ன சர்வே எண்ணிலுள்ள நிலம், விற்பனை நாளன்று நடைமுறையில் இருந்த நகராட்சி எல்லையின் மிக நெருங்கிய புள்ளியிலிருந்து வான்வழியாக எத்தனை கிலோமீட்டர் என்று எழுதித் தரும்படி கோர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகையும் அதே சான்றில் இடம்பெற்றால் வேறு ஆவணம் தேட வேண்டியதில்லை. உரிமம் பெற்ற நில அளவர் நிலத்துக்கும் எல்லைக்கும் ஆயத்தொலைவுகளைக் குறித்துத் தந்த அறிக்கையைச் சேர்த்துக் கொடுத்தால், அலுவலகத்தில் சரிபார்ப்பதும் எளிது.

சான்று எத்தனை இடத்திலிருந்து வேண்டும் என்பதும் முக்கியம். பக்கத்து ஊருக்கு மட்டும் வாங்கினால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் கேட்பது மிக அருகிலுள்ள ஊரின் தூரத்தை அல்ல. எந்த நகராட்சியின் வளையத்துக்குள்ளும் நிலம் இருக்கக் கூடாது என்பதைத்தான். மூன்று கிலோமீட்டரில் இருக்கும் சிறு நகரம் தொந்தரவு செய்யாமல், ஐந்தரைக் கிலோமீட்டரில் இருக்கும் பெரிய நகரம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு

கற்பனையாக ஒரு விற்பனையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒருவர் 2010 ஜூலையில் 2 ஏக்கர் தோட்டத்தைப் பத்திரச் செலவு உட்பட 6 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, வாழையும் தென்னையும் வைத்திருந்தார். 2025 செப்டம்பரில் 48 லட்சத்துக்கு விற்றார். தோட்டத்துக்கு வடக்கே 60,000 பேர் வாழும் நகராட்சி. தெற்கே ஆற்றுக்கு மறுகரையில் 3 லட்சம் பேர் கொண்ட மாநகராட்சி.

அவர் சந்தைக்கும் வங்கிக்கும் போவது வடக்கேயுள்ள நகராட்சிக்குத்தான். அங்கே சான்று வாங்கினார். எல்லையிலிருந்து வான்வழித் தூரம் 3.1 கிலோமீட்டர், வளையம் 2 கிலோமீட்டர்தான். வரி இல்லை என்று முடிவு செய்தார். தெற்கு மாநகராட்சியை அவர் நினைக்கவேயில்லை, ஏனென்றால் பாலம் சுற்றிப் போனால் அது 11 கிலோமீட்டர். ஆனால் ஆற்றின் குறுக்கே நேர்கோடு போட்டால் மாநகராட்சி எல்லை 5.6 கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. அந்த மக்கள்தொகைக்கு வளையம் 6 கிலோமீட்டர். நிலம் உள்ளே.

ஆகவே அது மூலதனச் சொத்து. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கையிலிருந்ததால் நீண்டகால ஆதாயம். 48 லட்சத்தில் 6 லட்சம் போக 42 லட்சம், அதற்கு 12.5 சதவீதம் 5,25,000 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்து 5,46,000 ரூபாய். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால், பணவீக்கக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்தி 20 சதவீதம் கட்டும் பழைய வழியோடும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படி உயர்த்தினால் 6 லட்சம் சுமார் 13.5 லட்சமாகும்; வரி செஸ் இல்லாமலே ஏறக்குறைய 6.9 லட்சம் வருகிறது. இவருக்கு முதல் வழியே குறைவு.

தெற்கு எல்லை 5.6-க்குப் பதில் 6.2 கிலோமீட்டரில் இருந்திருந்தால் வரி ஒரு ரூபாய்கூட இல்லை. அறுநூறு மீட்டர் வித்தியாசம் ஐந்தரை லட்சம் ரூபாய். சான்றில் தூரம் தசமப் புள்ளியோடு இருக்க வேண்டிய காரணம் இதுதான். "சுமார் 6 கி.மீ." என்று எழுதிய சான்று, தேவையான இடத்திலேயே வாய் மூடிக்கொள்கிறது.

அதிகாரி எப்படிச் சரிபார்க்கிறார்?

குறிப்பிட்ட தொகையும் அதற்கு மேலும் போகும் அசையாச் சொத்துப் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறது. அந்த விற்பனை விற்றவரின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் ஏறிவிடும். வரிக் கணக்கில் அதைப் பற்றிய பேச்சே இல்லையென்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது இயல்பு. கிராமப்புற நிலம் என்று உறுதியாகத் தெரிந்தாலும், விற்பனையைக் கணக்கில் விலக்குப் பகுதியில் காட்டிவிடுவது நல்லது என்று ஆடிட்டர்கள் சொல்வதன் காரணம் அதுவே.

நோட்டீஸுக்குப் பதிலாகச் சான்றைக் கொடுத்தாலும் விஷயம் அங்கே முடியாது. அதிகாரி நகராட்சிக்கோ வட்டாட்சியருக்கோ நேரடியாக எழுதிக் கேட்கலாம், ஆய்வாளரை அனுப்பலாம், செயற்கைக்கோள் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கலாம். அவருக்கு வந்த பதில் சான்றோடு முரண்பட்டால், அந்தப் பதிலின் நகலைக் கேட்டுப் பெற்று, எந்தப் புள்ளியிலிருந்து எந்த முறையில் அளந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். இரண்டு அளவுகள் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒன்று சாலைத் தூரமாகவும் மற்றொன்று வான்வழித் தூரமாகவும் இருப்பதுதான்; அல்லது ஒன்று பழைய எல்லை, மற்றொன்று விரிவாக்கத்துக்குப் பிந்தைய எல்லை. விற்பதற்கு முன்பே சான்று வாங்கி வைப்பவருக்கு, விலை பேசும்போதே வரி தெரிந்துவிடுகிறது. விற்ற பின் தேடுபவர், கடந்துபோன ஒரு நாளின் எல்லையைப் புதிதாக வந்த அலுவலரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

வாங்குபவருக்கும் இந்தச் சான்றில் பங்கு உண்டு. 50 லட்சமும் அதற்கு மேலும் விலை போகும் அசையாச் சொத்துக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்து செலுத்த வேண்டும். கிராமப்புற விளைநிலத்துக்கு அது வேண்டியதில்லை. பிடித்தம் செய்யாமல் விட்டது சரியா என்ற கேள்வி பின்னால் வந்தால், அவரைக் காப்பாற்றுவதும் இதே தூரச் சான்றுதான்.

தூரம் மட்டும் போதாது

வளையத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் தானாக விலக்குப் பெறாது. அது உண்மையில் விளைநிலமாகவும் இருக்க வேண்டும். சரீபாபீபி வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருப்பது ஓர் அறிகுறி மட்டுமே என்றும், நிலம் எப்படிப் பயன்பட்டது, யாருக்கு, எதற்காக, எந்த விலைக்கு விற்கப்பட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் விளக்கியது. நஞ்சை, புஞ்சை என்று பட்டாவில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்த நிலம், மனைப் பிரிவாகக் கல் நட்டு விற்ற நிலம், வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி பெற்றுவிட்ட நிலம் ஆகியவை சந்தேகத்துக்கு உள்ளாகும். பயிர் விவரம் உள்ள அடங்கல், மின் இணைப்பு ரசீது, உரம் வாங்கிய பில், விளைபொருள் விற்ற சீட்டு, முந்தைய ஆண்டுகளின் வரிக் கணக்கில் காட்டிய விவசாய வருமானம் ஆகியவை தூரச் சான்றோடு ஒரே கோப்பில் இருக்க வேண்டியவை.

வளையத்துக்குள் அகப்பட்டால்

நிலம் உள்ளே என்று தெரிந்துவிட்டாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. விற்பனைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அந்த நிலத்தில் விற்றவரோ அவருடைய பெற்றோரோ விவசாயம் செய்திருந்தால், விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விளைநிலம் வாங்கி வரியைத் தவிர்க்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 54பி பிரிவு. முதலீடு செய்ய வேண்டியது லாபத் தொகையை. விற்ற விலை முழுவதையும் அல்ல. மேலே சொன்ன தோட்டக்காரர் 42 லட்சத்துக்குப் புதிய நிலம் வாங்கினால் வரி முழுவதும் நீங்கும். 30 லட்சத்துக்கு மட்டும் வாங்கினால் மீதி 12 லட்சத்துக்கு வரி 1,56,000 ரூபாய், செஸ் உட்பட. புதிய நிலம் எங்கே இருந்தாலும் சரி, உள்ளூரத் தள்ளிய கிராமத்திலும் வாங்கலாம்.

வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் நிலம் அமையவில்லையென்றால், அந்தத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ நிரந்தர வைப்பிலோ கிடந்தால் சலுகை போய்விடும். வாங்கிய புதிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றாலும் அப்படியே. இந்தக் கெடுக்கள் விற்பனை நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன. தெற்கு மாநகராட்சியின் எல்லை 5.6 கிலோமீட்டர் என்று விற்கும்போதே தெரிந்தவருக்கு நிலம் தேட இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதை நோட்டீஸ் வந்த பிறகு தெரிந்துகொள்பவருக்குக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். வரியோடு வட்டியும் சேர்ந்து நிற்கும்.